காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு: உள்நாட்டுப் பங்குகளின் மீதான குருட்டுப்பற்று

நிதியியல் வகுப்பில் மார்க்கோவிட்ஸின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கரும்பலகையில் விளக்கும் பேராசிரியர், முட்டைகளை ஒரே கூடையில் வைக்கலாகாது என்பதைச் சமன்பாடுகளால் மெய்ப்பிக்கிறார். மாணவர்கள் அதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். பின்னர் ஆசிரியரும் மாணவரும் தத்தம் கைப்பேசியைத் திறந்து, மாதச் சேமிப்பு முழுவதையும் இந்தியப் பங்குகளிலேயே இடுகின்றனர். பத்து நிறுவனங்களுக்கோ ஐம்பது நிறுவனங்களுக்கோ அதைப் பகிர்ந்துவிட்டதால் கடமை முடிந்தது என்று கருதுகின்றனர். ஐம்பது முட்டைகளும் ஒரே கூடையில்தான் கிடக்கின்றன. அந்தக் கூடையின் பெயர் இந்தியப் பொருளாதாரம்.

உலகப் பங்குச்சந்தைகளின் மொத்த மதிப்பில் இந்தியாவின் பங்கு நூற்றில் நான்கு என்ற அளவில் உள்ளது. இந்திய முதலீட்டாளரின் கையிலுள்ள பங்குகளிலோ அது நூற்றுக்கு நூறை ஒட்டி நிற்கிறது. இந்த இடைவெளிக்கு ஆய்வாளர் இட்ட பெயர் உள்நாட்டுச் சாய்வு. இது இந்தியருக்கு மட்டும் உரிய நோயன்று. ஆனால் இந்தியாவில் இது நோயாகக்கூடக் கருதப்படுவதில்லை. நாட்டுப்பற்று, நல்லறிவு, அனுபவம் என்ற மூன்று மதிப்புமிக்க ஆடைகளை அணிந்து அது உலவுகிறது. அந்த ஆடைகளைக் களைந்து பார்ப்பது கல்விப்புலத்தின் கடமை. அக்கடமையை அது செய்யவில்லை.

கையிருப்பு காட்டிக்கொடுக்கும் நம்பிக்கை

மூவர் வாழும் வீட்டில் ஒருவர் இருபது மூட்டை அரிசி வாங்கி அடுக்கினால், விலை ஏறும் என்று அவர் நம்புகிறார் என்பதை அவரிடம் கேட்காமலே அறியலாம். 1991இல் கென்னத் பிரெஞ்ச், ஜேம்ஸ் போட்டர்பா ஆகிய இரு பொருளியலாளர்கள் இதே வழியில் பங்குச்சந்தையை நோக்கினர். 1989ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க முதலீட்டாளர் தம் பங்குச் செல்வத்தில் ஏறத்தாழ 94 விழுக்காட்டையும், ஜப்பானியர் 98 விழுக்காட்டையும், பிரித்தானியர் 82 விழுக்காட்டையும் சொந்த நாட்டிலேயே வைத்திருந்தனர்.

ஒரே சந்தையில் பணத்தைக் குவிக்கும்போது இடர் கூடுகிறது. கூடிய இடரை ஏற்பவர், அதற்கு ஈடாகக் கூடுதல் வருவாயை எதிர்பார்க்கிறார் என்று கொள்வதே முறை. அப்படியானால், சந்தைகளின் ஏற்ற இறக்கங்களையும் அவை ஒன்றோடொன்று இணைந்து அசையும் அளவையும் தெரிந்துகொண்டால், ஒருவரின் கையிருப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அவருடைய எதிர்பார்ப்பைக் கண்டறிந்துவிடலாம். அவ்விருவரும் அதைத்தான் செய்தனர்.

விடை நகைப்புக்குரியதாக இருந்தது. பணவீக்கம் நீக்கிய கணக்கில், ஜப்பானியரின் கையிருப்பு நியாயமாக வேண்டுமெனில், ஜப்பானியச் சந்தை ஆண்டுக்கு 6.6 விழுக்காடும் அமெரிக்கச் சந்தை 3.1 விழுக்காடும் தரும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். அமெரிக்கரின் கையிருப்பு நியாயமாக வேண்டுமெனில், அமெரிக்கச் சந்தை 5.5 விழுக்காடும் ஜப்பானியச் சந்தை 3.2 விழுக்காடும் தரும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். பிரித்தானியரோ தம் சந்தை அமெரிக்கச் சந்தையைவிட ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேலாக ஈட்டும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

சந்தைகள் அவையே. அவற்றைப் பற்றிய செய்திகளும் எல்லோருக்கும் பொதுவானவை. ஆயினும் மூன்று நாட்டாரும் மூன்று வெவ்வேறு முதலிடங்களை அறிவித்தனர். ஒவ்வொருவர் கணக்கிலும் முதலிடம் சொந்த நாட்டுக்கே. மூவரும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற பழமொழியில் காக்கையின் அன்பு போற்றத்தக்கது. ஆனால் பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கக் காக்கையை யாரும் அழைப்பதில்லை.

நன்கு அறிந்த சந்தை என்னும் மயக்கம்

இதற்கு எழும் முதல் மறுமொழி இது: சொந்த நாட்டு நிறுவனங்களைப் பற்றி நன்கு தெரியும், தெரியாத இடத்தில் பணம் போடுவதுதான் பேதைமை. கேட்பதற்கு இது அடக்கமான கூற்று. ஆனால் இதனுள்தான் மிகைத் தன்னம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் சோப்பால் குளிப்பதும், அதன் வங்கியில் கணக்கு வைத்திருப்பதும், அதன் தலைவரைத் தொலைக்காட்சியில் காண்பதும் பழக்கத்தைத் தருகின்றன. பங்கின் விலை தவறாக இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் அறிவை அவை தருவதில்லை. சோப்பு நன்றாக விற்கிறது என்பது கோடிக்கணக்கானோருக்குத் தெரியும்; ஆகவே அச்செய்தி விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. விலையை விஞ்ச வேண்டுமானால், மற்றவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

பழக்கம் எவ்வாறு அறிவாக வேடமிடுகிறது என்பதற்குக் குர் ஹூபர்மன் 2001இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான சான்று. அமெரிக்காவின் தொலைபேசிப் பெருநிறுவனம் 1984இல் உடைக்கப்பட்டபோது ஏழு வட்டார நிறுவனங்கள் தோன்றின. அவை ஒரே தொழிலைச் செய்தன, ஒரே சந்தையில் விற்கப்பட்டன. அயல்நாட்டுச் செலாவணியோ அயல்மொழியோ வேற்றுச் சட்டமோ குறுக்கே நிற்கவில்லை. இருப்பினும் மக்கள் தம் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புத் தந்த நிறுவனத்தின் பங்குகளையே மிகுதியாக வைத்திருந்தனர். மாதந்தோறும் கட்டண ரசீது அனுப்பும் நிறுவனத்தை நம்புவதற்குப் பொருளியல் காரணம் ஏதும் இல்லை. சொல்லப்போனால், அப்பகுதியின் பொருளாதாரம் நலிந்தால் வேலையும் பங்கும் சேர்ந்தே அடிபடும்.

கில்கா, வெபர் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிச் சென்றது. ஜெர்மானிய மாணவரிடமும் அமெரிக்க மாணவரிடமும் இரு நாட்டுப் பங்குகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டனர். ஒவ்வொரு குழுவும் சொந்த நாட்டுப் பங்குகளைப் பற்றித் தமக்குத் திறம் மிகுதி என்று கருதியது. அவற்றின் வருவாய் கூடுதலாக இருக்கும் என்று கணித்தது. அந்தக் கணிப்பின் வீச்சையும் குறுகலாகத் தந்தது. குறுகிய வீச்சு என்பதே கவனிக்க வேண்டியது. பெரும் சரிவுக்கு அவர்கள் மனம் ஒதுக்கிய இடம் சிறிது. மிகைத் தன்னம்பிக்கையின் இலக்கணம் இதுவே: வருவாயைக் கூட்டி மதிப்பிடுவதோடு, தான் தவறக்கூடிய அளவையும் குறைத்து மதிப்பிடுவது.

சரிவு வருமுன் வெளியேறிவிடலாம் என்பது அடுத்த மறுமொழி. பார்பர், ஓடியன் ஆகியோர் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களை 1991 முதல் 1996 வரை ஆராய்ந்தனர். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு ஈட்டிய அந்தக் காலத்தில், மிகுதியாக வாங்கி விற்ற குடும்பங்கள் 11.4 விழுக்காடே ஈட்டின. வாயிற்கதவருகே நிற்பதாக நினைத்தவர்களே நெரிசலில் மிகுதியாக மிதிபட்டனர்.

1989இல் டோக்கியோவில் வாழ்ந்தவர்

உள்நாட்டுச் சாய்வின் விலை என்ன என்று கேட்போர் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 98 விழுக்காடு என்ற அந்தக் கணக்கு 1989 டிசம்பருக்குரியது. அதே டிசம்பர் 29ஆம் நாள் நிக்கேய் குறியீடு 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அப்போது உலகப் பங்குச்சந்தை மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஜப்பானுக்கு உரியதாக இருந்தது. அன்றைய ஜப்பானியருக்குத் தம் நாட்டை நம்ப இன்றைய இந்தியரைவிட வலுவான காரணங்கள் இருந்தன. உலகமே அவர்களின் தொழிற்சாலைகளைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தது.

2009 மார்ச்சில் அந்தக் குறியீடு 7,054க்கு இறங்கியது. நூறு யென் பதினெட்டு யென்னாகச் சுருங்கியது. பழைய உச்சத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. முப்பது வயதில் முதலிட்டவர் அறுபத்து நான்கு வயதில் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு சற்றுக் குறையும். ஆனால் உழைக்கும் பருவத்தின் பெரும்பகுதி கழிந்துபோனது என்ற உண்மை மாறாது. அதே காலத்தில் நிலத்தின் விலை வீழ்ந்தது. சம்பளம் தேங்கியது. வேலைவாய்ப்பு சுருங்கியது. ஒரு குடும்பத்தின் வீடு, வருமானம், சேமிப்பு ஆகிய மூன்றும் ஒரே நாட்டை நம்பியிருந்ததால் மூன்றும் ஒரே நேரத்தில் நொடித்தன.

இந்தியா ஜப்பான் ஆகிவிடும் என்பது வாதமன்று. 1989இல் எந்த ஜப்பானியரும் அப்படி நினைக்கவில்லை என்பதே வாதம்.

வளரும் நாடு, வளராத குறியீடு

இந்தியா வளர்கிறது, ஆகவே இந்தியப் பங்குகள் வளரும் என்பது மேடைதோறும் ஒலிக்கும் முழக்கம். இதற்குச் சீனம் பதில் சொல்லும். 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஷாங்காய்க் குறியீடு 5,261இல் நின்றது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அது 3,351. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் சீனத்தின் மொத்த உற்பத்தி டாலர் கணக்கில் ஐந்து மடங்கை எட்டியது. நாடு ஐந்து மடங்கு வளர, குறியீடு மூன்றில் ஒரு பங்கை இழந்தது.

காரணங்கள் மறைபொருள் அல்ல. வளர்ச்சி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அதற்குரிய விலையைப் பங்கை வாங்குபவர் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். வளர்ச்சியின் பெரும்பகுதி புதிதாக வெளியிடப்படும் பங்குகளுக்கும், இன்னும் சந்தைக்கே வராத நிறுவனங்களுக்கும், தொழிலாளருக்கும், நுகர்வோருக்கும் போகிறது; பழைய பங்குதாரருக்கு வருவது எஞ்சிய துண்டு. ஜே ரிட்டர் 2005இல் பதினாறு நாடுகளின் நூறாண்டுக் கணக்கை ஒப்பிட்டபோது, தனிநபர் வருமானம் விரைந்து வளர்ந்த நாடுகளில் பங்கு வருவாய் மிகுதியாக இருக்கவில்லை என்றும், உறவு எதிர்மறையாகவே இருந்தது என்றும் கண்டார். நாட்டின் வளர்ச்சியில் பெருமை கொள்வது குடிமகனின் உரிமை. அந்தப் பெருமையை வருவாய்க் கணிப்பாக மாற்றுவது கணக்குப் பிழை.

ஒரு லட்சம் ரூபாயின் கதை

இனி இந்தியக் கணக்கு. 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயைச் சென்செக்ஸின் போக்கில் முழுமையாக இட்டார் என்று கொள்வோர், அன்றைய குறியீடு 20,287 என்பதையும், அடுத்த ஆண்டின் இறுதியில் அது 9,647 என்பதையும் நினைவில் கொள்க. அவர் கையில் எஞ்சியது 47,500 ரூபாய்.

அதே நாளில் மற்றொருவர் எழுபதாயிரத்தைச் சென்செக்ஸிலும், முப்பதாயிரத்தை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டிலும் இட்டார். 2008 அமெரிக்காவுக்கும் கொடிய ஆண்டு. அந்தக் குறியீடு 38 விழுக்காடு சரிந்தது. ஆனால் அந்த ஆண்டில் டாலரின் விலை 39 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 48 ரூபாய்ச் சொச்சத்துக்கு ஏறியது. ஆகவே ரூபாய்க் கணக்கில் அமெரிக்க இழப்பு ஏறத்தாழ 24 விழுக்காடாகத் தணிந்தது. இரண்டாமவர் கையில் ஏறத்தாழ 56,000 ரூபாய் இருந்தது.

இந்த எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தற்செயலாக வந்ததன்று. உலகம் அஞ்சும்போது அயல்நாட்டார் இந்தியப் பங்குகளை விற்று டாலரை எடுத்துச் செல்கின்றனர். சந்தை வீழும் அதே வேளையில் ரூபாயும் வீழ்கிறது. இந்தியருக்கு அயல்நாட்டுப் பங்கு கூடுதல் வருவாய்க்கான கருவி என்பதைவிட, ரூபாய் நலியும் நாளில் தாங்கிப் பிடிக்கும் கழி என்பதே பொருத்தம்.

கதையை 2024ஆம் ஆண்டின் இறுதிவரை நீட்டினால், முதலாமவரின் ஒரு லட்சம் ஏறத்தாழ 3.85 லட்சமாகவும், இரண்டாமவரின் ஒரு லட்சம் ஏறத்தாழ 5.3 லட்சமாகவும் இருக்கும். ஈவுத்தொகையும் வரியும் செலவும் சேர்க்காத கணக்கு இது.

இங்கே நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. தொடக்கத்தை ஐந்தாண்டு முன்னே தள்ளி 2002ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எண்ணினால் முடிவு தலைகீழாகும். அப்போது 3,377இல் இருந்த சென்செக்ஸில் முழுமையாக இட்டவரின் லட்சம், 2024இன் இறுதியில் 23 லட்சத்தைத் தாண்டியிருக்கும். முப்பது விழுக்காட்டை அமெரிக்காவில் இட்டவருக்கு ஏறத்தாழ 20 லட்சமே கிடைத்திருக்கும்.

உள்நாட்டுப் பற்றாளர் இந்த இரண்டாம் கணக்கை எடுத்துக்கொண்டு வெற்றி முழக்கமிடுவர். ஆனால் இவ்விரு கணக்குகளும் சேர்ந்துதான் செய்தியைச் சொல்கின்றன. 2002இலும் சரி, 2007இலும் சரி, வரவிருப்பது எது என்று அறிந்தவர் எவரும் இல்லை. பகிர்ந்து வைத்தவர் நல்ல காலத்தில் 23க்குப் பதில் 20 பெற்றார். கெட்ட காலத்தில் 3.85க்குப் பதில் 5.3 பெற்றார். மிகுதியாக வேண்டாத காலத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, மிகவும் வேண்டிய காலத்தில் பெற்றுக்கொண்டார். வண்டி விபத்துக்குள்ளாகவில்லையே என்பதற்காகக் காப்பீட்டுத் தவணையை வீண் என்று சொல்பவரோடு வாதிட முடியாது.

சுவர் எவ்வளவு, சாக்கு எவ்வளவு

தடைகள் மெய்யானவை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் அயல்நாட்டுப் பங்குகளில் இடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்ற பொது உச்சவரம்பு உண்டு. 2022இன் தொடக்கத்தில் அந்த வரம்பை எட்டியதும் பல திட்டங்கள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. தனிநபர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அனுப்பும்போது 20 விழுக்காடு வரியாக முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அது பின்னர் கணக்கில் சரிசெய்யப்படும் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கிறது. வங்கிக் கட்டணமும் செலாவணி மாற்றுச் செலவும் சிறு சேமிப்பாளரைக் கூடுதலாகத் தாக்குகின்றன. மக்களின் சேமிப்பை வேலிக்குள் அடைத்துவிட்டு, அவர்கள் விரும்பியே உள்ளிருக்கிறார்கள் என்று கொண்டாடுவது ஆட்சியாளருக்கு அழகன்று.

ஆயினும் வேலியைக் காட்டி எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது. தொலைபேசிப் பங்குகளுக்கு வேலி இல்லை, சாய்வு இருந்தது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட சிறு வாயிலைக்கூடப் பெரும்பாலோர் தேடுவதில்லை. தேடியவர்களில் பலர் எப்போது தேடினர் என்பதும் கவனத்துக்குரியது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் உச்சிக்கு ஏறிய 2021இல் அவற்றின் மீது காதல் பிறந்தது. 2022இல் நாஸ்டாக் 100 குறியீடு மூன்றில் ஒரு பங்கு சரிந்ததும் காதல் கசந்தது. இது பரவலாக்கம் ஆகாது. உள்ளூரில் ஆடிய அதே சூதாட்டத்தை வெளியூரில் ஆடியதுதான். அயல்நாடு என்பதை அமெரிக்கா என்றும், அமெரிக்காவை ஏழெட்டு நிறுவனங்கள் என்றும் சுருக்கிக்கொள்வது ஒரு சாய்வை மற்றொரு சாய்வால் மாற்றுவதாகும்.

ரூபாயில் செலவு செய்பவர் ரூபாய்ச் சொத்துகளை மிகுதியாக வைத்திருப்பது இயல்பே. உலகச் சந்தையின் விகிதப்படி நான்கு விழுக்காட்டை மட்டும் உள்நாட்டில் வைக்கச் சொல்பவர் யாரும் இல்லை. ஆனால் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் நியாயம் சொல்ல உதவும் காரணங்கள், நூற்றுக்கு நூறை நியாயப்படுத்தப் போதா. அதிலும் இந்தியச் சம்பளம், இந்திய வீடு, இந்திய வைப்புநிதி, இந்திய ஓய்வூதியம் ஆகிய அனைத்தையும் ஏற்கெனவே ஒரே கூடையில் வைத்திருப்பவருக்கு, எஞ்சியிருக்கும் பங்குச் சேமிப்பாவது வெளியே செல்ல வேண்டும். மனித உழைப்பின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தால் இந்தப் புதிர் மேலும் மோசமாகிறது என்று பாக்ஸ்டரும் ஜெர்மனும் 1997இலேயே எழுதிவிட்டனர்.

தன்னம்பிக்கை மிகையானதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தியப் பங்குகள் அடுத்த பத்தாண்டில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு தரும், மிக மோசமாகப் போனால் எவ்வளவு, அயல்நாட்டுப் பங்குகள் எவ்வளவு என்பதைத் தாளில் எழுத வேண்டும். பின்பு அதே தரவுகளைப் படித்த பிரேசில் நாட்டு ஆய்வு மாணவர் ஒருவர் இந்த எண்களை ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளமாட்டார் என்றால், அந்த எண்கள் சந்தையைப் பற்றிச் சொல்வதைவிட எழுதியவரின் பிறப்பிடத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்கின்றன.

பிற துறைகளில் கடவுச்சீட்டைப் பார்த்து முடிவெடுக்கும் ஆய்வை எந்த இதழும் ஏற்காது. நிதியியல் துறையினர் தம் சொந்தச் சேமிப்பில் அதைத்தான் நாள்தோறும் செய்கின்றனர். கரும்பலகையில் எழுதியதைக் கைப்பேசியிலும் செய்யத் துணியாதவரை, மார்க்கோவிட்ஸ் தேர்வுத்தாளுக்கு மட்டுமே பயன்படுவார்.